அம்மா ஆபரேஷனுக்கு ஒரு மாசம் லீவ்: மேனேஜருக்கு என்ன எழுதணும், எப்படி எழுதணும்

"அம்மாவுக்கு மார்ச் 11 புதன்கிழமை முழங்கால் மூட்டு மாத்துற ஆபரேஷன். கூட இருந்து பாத்துக்க நான் மட்டும்தான். அக்கவுண்ட்ஸ்ல வேலை, கையில 13 நாள் சம்பள லீவ்தான் பாக்கி இருக்கு. ஒரு மாசம் லீவ் கேட்டு மேனேஜருக்கு எழுதணும். நாலு தடவ எழுதி அழிச்சிட்டேன், ஒண்ணு கெஞ்சுற மாதிரி வருது இல்ல மொட்டையா வருது. எப்படி எழுதுறது?"

நான் ஒன்பது வருஷமா டீம் நடத்துறேன், இந்த மாதிரி லெட்டர் நிறைய வாங்கியிருக்கேன், ஒரு தடவ அப்பாவுக்காக நானே எழுதியும் இருக்கேன். வாங்குற பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். அம்மாவுக்கு ஆபரேஷன்னு படிச்சதுமே எந்த மேனேஜருக்கும் மனசு இளகிடும், அதுக்காக நீங்க அரைப் பக்கம் எழுத வேண்டாம். அடுத்த நிமிஷம் அவர் மண்டையில ஓடுறது வேற: எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும், மாசக் கடைசி கணக்கை யாரு முடிப்பாங்க, இது இன்னும் நீளுமா. இந்த மூணுக்கும் லெட்டர்லயே பதில் இருந்தா அவருக்கு யோசிக்க ஒண்ணுமில்ல, மேல அனுப்பிட வேண்டியதுதான். பதில் இல்லன்னா "பாத்துட்டு சொல்றேன்"னு சொல்வாரு, அங்கதான் நாள் போயிடும். கெஞ்சுற மாதிரி வருதுன்னு சொன்னீங்கல்ல, அது ஏன்னா எழுத விவரம் இல்லாத இடத்துல எல்லாம் மனுஷன் உணர்ச்சியப் போட்டு நிரப்புவான். விவரத்த சேத்துட்டா தொனி தானா சரியாயிடும்.

முதல்ல அந்த "ஒரு மாசம்"ங்கிற வார்த்தைய எடுத்துடுங்க. ஒரு மாசம்னா உங்களுக்கு 30 நாள், ஹெச்ஆருக்கு 22 வேலை நாள், மேனேஜருக்கு நாலு வாரம், ஆளாளுக்கு ஒரு கணக்கு. ஆபரேஷன் எப்படிப் போகும்னு பாத்து அதுல இருந்து தேதிய எடுங்க.

மூட்டு மாத்துற ஆபரேஷன்ல பொதுவா முந்தின நாளே அட்மிட் பண்ணுவாங்க, உங்க கணக்குல அது 10ஆம் தேதி செவ்வாய். அதுக்கு முந்தின நாள் கடைசி டெஸ்ட், பேப்பர் வேலை, வீட்ட தயார் பண்றதுன்னு இருக்கும், அதனால லீவ் 9ஆம் தேதி திங்கள்ல இருந்து ஆரம்பிக்கணும். ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கோ மறுநாளோ நடக்க வச்சிடுவாங்க, மூணு நாலு நாள்ல டிஸ்சார்ஜ். ஆஸ்பத்திரில இருக்கும்போது நர்ஸ் இருப்பாங்க, நமக்குப் பெரிசா வேலை இருக்காது. நிஜமான வேலையே வீட்டுக்கு வந்தப்புறம்தான். முதல் ரெண்டு வாரம் பாத்ரூம் போக, படுக்கைல இருந்து எந்திரிக்க, ராத்திரில கூட, பக்கத்துல ஆள் வேணும். வாக்கர் பிடிச்சு நடக்கிறப்போ ஒருத்தர் கூடவே போகணும், கீழ விழுந்துட்டா எல்லாம் போச்சு. ரத்தம் கட்டாம இருக்க மாத்திரையோ ஊசியோ ரெண்டு வாரத்துல இருந்து அஞ்சு வாரம் வரைக்கும் டாக்டர் சொல்ற மாதிரி தரணும். காலை மடக்குற பயிற்சி தினமும் உண்டு, வலியால அவங்க வேண்டாம்பாங்க, நீங்கதான் உக்காந்து செய்ய வைக்கணும், இத விட்டா மூட்டு இறுகிப் போயிடும்.

தையல் இல்லன்னா ஸ்டேபிள் பிரிக்கிறது ஏறக்குறைய 14ஆவது நாள், அதாவது 25ஆம் தேதி புதன். அன்னைக்கு டாக்டர் புண்ணப் பாப்பாரு, முட்டி எவ்வளவு மடங்குதுன்னு பாப்பாரு, பெரும்பாலும் அந்த சமயத்துல 90 டிகிரிகிட்ட வந்திருக்கணும்னு எதிர்பார்ப்பாங்க. எல்லாம் சரின்னா மூணாவது வாரத்துக்கு அப்புறம் அவங்களே வாக்கரோட மெல்ல நடமாட ஆரம்பிப்பாங்க, நாலாவது வாரத்துல பகல்ல கொஞ்ச நேரம் தனியா விடலாம். முழுசா தேற ஆறு வாரத்துக்கு மேல ஆகும், ஆனா அதுவரைக்கும் ஆள் முழு நேரம் கூடவே இருக்கணும்னு இல்ல.

ஆக மார்ச் 9 திங்கள்ல இருந்து ஏப்ரல் 3 வெள்ளி வரைக்கும், ஏப்ரல் 6 திங்கள் வேலைக்கு வர்றேன். சரியா நாலு வாரம், 20 வேலை நாள். "எதுக்கு நாலு வாரம்?"னு கேட்டா உங்க கையில இப்ப பதில் இருக்கு பாருங்க, அதுதான் வேணும். சும்மா ரவுண்டா ஒரு மாசம்னு கேட்டா மூணு வாரம் போதாதான்னு ஒரு பேரம் கண்டிப்பா வரும்.

அடுத்தது லீவ் கணக்கு. இதுல நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. 20 வேலை நாள்ல 13 சம்பள லீவ், மிச்சம் 7 நாள் சம்பளம் இல்லாம, அதாவது லாஸ் ஆஃப் பே. 13 நாள் 25ஆம் தேதியோட முடியும், 26ல இருந்து ஏப்ரல் 3 வரைக்கும் லாஸ் ஆஃப் பே. இப்படித்தான் எல்லாரும் போடுவாங்க. ஆனா சில கம்பெனில லீவுக்கு நடுவுல வர்ற சனி ஞாயிறையும் லீவாவே எண்ணுவாங்க, சாண்ட்விச் லீவுன்னு பேரு. அந்த ரூல் உங்க கம்பெனில இருந்தா உங்க 13 நாள் 21ஆம் தேதி சனிக்கிழமையோடயே தீந்துடும், 22ல இருந்து ஏப்ரல் 3 வரைக்கும் 13 நாள் லாஸ் ஆஃப் பே ஆயிடும். 7 எங்க, 13 எங்க? சம்பளத்துல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வெட்டு. இத லெட்டர் எழுதுறதுக்கு முன்னாடியே ஹெச்ஆர்ல ஒரு வரில கேட்டுக்கோங்க, சம்பள நாள் அன்னைக்குத் தெரிய வந்தா அப்புறம் சண்டை போட்டு ஒண்ணும் ஆகாது. கையோடு இன்னொண்ணும் கேளுங்க, சம்பளம் இல்லாத நாள்ல கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் தொடருமான்னு, அதுல அம்மா பேரும் இருந்தா இது ரொம்ப முக்கியம்.

சில பேர் ஒரு யோசனை சொல்வாங்க, உனக்கே உடம்பு சரியில்லன்னு சொல்லி சிக் லீவ் எடுத்துக்கோன்னு. வேண்டவே வேண்டாம். நாலு வாரத்துக்கு சர்டிபிகேட் கேப்பாங்க, உங்ககிட்ட இருக்கிறது அம்மா பேர்ல இருக்கிற டிஸ்சார்ஜ் பேப்பர். ஒரு பொய்ய காப்பாத்த இன்னும் நாலு பொய், அதுவும் அம்மா ஆஸ்பத்திரில இருக்கிற நேரத்துல. உங்க நாட்டுல பெத்தவங்கள பாத்துக்கிறதுக்குன்னே சட்டப்படி லீவ் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, நாட்டுக்கு நாடு ரொம்ப மாறும். அமெரிக்கால 1993ல வந்த எஃப்எம்எல்ஏ சட்டப்படி தகுதி உள்ளவங்களுக்கு வருஷத்துக்கு 12 வாரம் வரைக்கும் சம்பளம் இல்லாத லீவ் உண்டு, அம்மா அப்பாவுக்கும் பொருந்தும். பிரிட்டன்ல 2024 ஏப்ரல்ல இருந்து வருஷத்துக்கு ஒரு வாரம், அதுவும் சம்பளம் இல்லாம. அப்படி ஒரு சட்டம் உங்களுக்குப் பொருந்துச்சுன்னா லெட்டர்ல அதோட பேரையும் ஒரு வரில எழுதிடுங்க, சட்டப்படி கேக்குற லீவ் வேற, அனுமதி கேக்குற லீவ் வேற.

இப்ப வேலைய ஒப்படைக்கிறது. அக்கவுண்ட்ஸ்னு சொன்னீங்க, அப்போ மார்ச் 31 செவ்வாய் மாசக் கடைசி, அது உங்க லீவோட கடைசி வாரத்துல வருது. மேனேஜர் மனசுல இருக்கிற ஒரே முள்ளு இதுதான். "டீம்ல பாத்துப்பாங்க"ன்னு எழுதினா அவருக்கு என்ன கேக்கும்னா, நான் இத யோசிக்கவே இல்ல, நீங்களே பாத்துக்கோங்கன்னு கேக்கும். எந்த வேலை யார்கிட்டன்னு பேரோட எழுதணும், அதுக்கு முன்னாடி அவங்ககிட்ட நேர்ல கேட்டு சரின்னு வாங்கணும். கேக்காம பேரப் போட்டுட்டா அந்த ஆளே போய் மேனேஜர்கிட்ட "எனக்குத் தெரியவே தெரியாதே"ம்பாரு, அதுக்கப்புறம் உங்க லெட்டர்ல வேற எந்த வரியையும் அவரு நம்பமாட்டாரு.

இன்னொண்ணு, பிப்ரவரி மாசக் கடைசி கணக்கு நீங்க இருக்கும்போதே வருதுல்ல, அத அவங்கள செய்யச் சொல்லி நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க. எழுதிக் கொடுத்த குறிப்புல நாம விட்டது எல்லாம் அப்பத்தான் வெளிய வரும், எந்த ஃபைல் எங்க இருக்கு, எந்த கஸ்டமர் எப்பவும் லேட்டா அனுப்புவாருன்னு நம்ம தலைக்குள்ளயே இருக்கிறது. உங்க பாஸ்வேர்ட யாருக்கும் குடுக்காதீங்க, அவங்க லாகின் ஐடிக்கே பர்மிஷன் வாங்கிக் குடுங்க, அதுக்கு ஐடி டீம்ல ஒரு வாரம் இழுப்பாங்க, முன்னாடியே போட்டு வைங்க. நீங்க ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நிக்கிறப்போ "ஓடிபி வந்துச்சா"ன்னு போன் வர்றது எவ்வளவு கொடுமைன்னு எனக்குத் தெரியும்.

அந்தப் போன் விஷயத்துலதான் நான் சூடு பட்டது. அப்பா ஆபரேஷனுக்கு லீவ் கேட்டப்போ லெட்டர் கடைசில "எந்த நேரமும் போன்ல கிடைப்பேன்"னு நல்ல பேர் வாங்க எழுதி வச்சேன். அப்ப இருந்த ஆபீஸ்ல அத அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க, ஒரு நாளைக்கு ஆறு ஏழு கால், சம்பளம் இல்லாத நாள்லயும் வேலை பாத்தேன், அப்பாவையும் ஒழுங்கா பாக்கல. தப்பு என் மேலயும்தான், நான்தான எழுதிக் குடுத்தேன். அதனால நேரத்தோட எழுதுங்க: முதல் ரெண்டு வாரம் கிடைக்கமாட்டேன், மூணாவது வாரத்துல இருந்து சாயங்காலம் 5ல இருந்து 5.30 வரைக்கும் மெசேஜ் பாப்பேன்னு. அரை மணி நேரம்னு எழுதினா அரை மணி நேரம்தான் கேப்பாங்க.

ரெண்டு நிச்சயமில்லாத விஷயம் இருக்கு, அதையும் மறைக்காம எழுதணும். ஒண்ணு, ஆபரேஷன் தேதியே தள்ளிப் போகலாம். மூட்டு மாத்துறதுக்கு முன்னாடி உடம்புல எங்கயாவது இன்ஃபெக்‌ஷன் இருக்கான்னு ரொம்ப கவனமா பாப்பாங்க, சொத்தைப் பல்லு, யூரின் இன்ஃபெக்‌ஷன், கால்ல ஒரு புண்ணு, இல்ல சுகர் கட்டுக்குள்ள இல்லன்னாலும் தள்ளி வச்சிடுவாங்க. அதனால ஒரு வரி: தேதி மாறினா லீவும் அதே 20 நாளா அப்படியே நகரும், தெரிஞ்ச அன்னைக்கே சொல்றேன். இத இப்பவே எழுதிட்டா அப்புறம் புதுசா லீவ் கேக்குற மாதிரி ஆகாது. ரெண்டு, லீவ் நீளலாம். "தேவைப்பட்டா நீட்டிப்பேன்"னு மட்டும் எழுதினா மேனேஜர் அத ஆறு வாரம்னு படிப்பாரு. நீட்டிக்கணுமா வேண்டாமான்னு என்னைக்கு சொல்வீங்கன்னு தேதி குடுங்க. தையல் பிரிக்கிறது 25ஆம் தேதி, புண்ணு ஆறலன்னாலோ முட்டி மடங்கலன்னாலோ அன்னைக்கே தெரிஞ்சிடும், ஆக 26ஆம் தேதி வியாழன் சொல்றேன்னு எழுதுங்க. அவருக்கு ஏற்பாடு பண்ண ஒரு வாரத்துக்கு மேல கிடைக்கும். நடுவுல காய்ச்சல் வந்தாலோ, புண்ணுல நீர் வடிஞ்சாலோ, ஆடுசதை வீங்கினாலோ அதுவரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே டாக்டர்கிட்ட போங்க, லீவ் பேச்சு அப்புறம்.

லெட்டர் அனுப்புறதுக்கு முன்னாடி நேர்ல ஒரு பத்து நிமிஷம் பேசிடுங்க. திடீர்னு மெயில்ல நாலு வாரம்னு பாத்தா யாருக்குமே முதல்ல சுருக்குன்னுதான் இருக்கும். பேசினதுக்கு அப்புறம் "சொன்னபடி எழுதுறேன்"னு அனுப்புறது ரெக்கார்டுக்கு. இப்பவே பேசுங்க, மூணு நாலு வாரம் முன்னாடி சொன்னா அது ஏற்பாடு, ஒரு வாரம் முன்னாடி சொன்னா நெருக்கடி.

லெட்டர் இப்படி இருக்கலாம், உங்க ஆபீஸ்ல எந்த மொழில எழுதுவீங்களோ அதுல மாத்திக்கோங்க:

பொருள்: விடுப்பு வேண்டுதல், மார்ச் 9 முதல் ஏப்ரல் 3 வரை, தாயாரின் அறுவை சிகிச்சை

வணக்கம் சார்,

நேரில் பேசியபடி எழுதுகிறேன். என் அம்மாவுக்கு மார்ச் 11 புதன்கிழமை முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடக்க உள்ளது. வீட்டுக்கு வந்த பிறகு முதல் சில வாரங்கள் அவருடன் முழு நேரமும் ஒருவர் இருக்க வேண்டும் என்று மருத்துவர் கூறியுள்ளார். வீட்டில் வேறு ஆள் இல்லாததால் நான்தான் உடன் இருக்க வேண்டும்.

எனவே மார்ச் 9 திங்கள் முதல் ஏப்ரல் 3 வெள்ளி வரை 20 வேலை நாட்கள் விடுப்பு வேண்டுகிறேன். ஏப்ரல் 6 திங்கள் பணிக்குத் திரும்புவேன். என் கணக்கில் உள்ள 13 நாட்களைப் பயன்படுத்திக்கொண்டு, மீதி 7 நாட்களைச் சம்பளமில்லா விடுப்பாக எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் மாதக் கணக்கு முடிப்பையும் சப்ளையர் பில்களையும் (பெயர்) பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டுள்ளார். பிப்ரவரி கணக்கை என்னுடன் சேர்ந்து அவரே முடிப்பார். தேவையான குறிப்புகளை மார்ச் 5க்குள் உங்களுக்கும் அனுப்பிவிடுவேன்.

மார்ச் 20 வரை என்னால் அலுவலகத் தொடர்பில் இருக்க இயலாது. மார்ச் 23 முதல் வேலை நாட்களில் மாலை 5 முதல் 5.30 வரை செய்திகளுக்குப் பதில் அளிப்பேன்.

அறுவை சிகிச்சைத் தேதி மாறினால் அன்றே தெரிவிப்பேன், விடுப்பும் அதே அளவில் மாறும். மார்ச் 25 அன்று மருத்துவர் பார்த்த பிறகு, கூடுதல் நாட்கள் தேவையா என்பதை மார்ச் 26 அன்று உறுதியாகச் சொல்கிறேன். மருத்துவரின் கடிதத்தை இணைத்துள்ளேன்.

ஒப்புதலை எதிர்பார்க்கிறேன்.

அவ்வளவுதான், இதுக்கு மேல வேண்டாம். அம்மாவோட சுகர் எவ்வளவு, வேற என்ன வியாதின்னு எல்லாம் எழுதாதீங்க, அது அவங்க விஷயம், மெயில் எத்தன பேர் கைக்குப் போகும்னு நமக்குத் தெரியாது. ஆபரேஷன் பேரு, தேதி, எவ்வளவு நாள் கூட ஆள் வேணும்னு டாக்டர் எழுதின ஒரு சின்ன லெட்டர் போதும், முழு ஃபைல் கேட்டா ஹெச்ஆர்கிட்ட மட்டும் காட்டுறேன்னு சொல்லுங்க. சாண்ட்விச் ரூல் இருந்தா அந்த 13, 7 கணக்க மறக்காம மாத்திக்கோங்க.

முடியாதுன்னு சொன்னா என்ன பண்றது? பெரும்பாலும் அது முழு மாசத்துக்கும் முடியாதுன்னு அர்த்தம் இல்ல. "எந்த நாள் இல்லன்னா கஷ்டம் சார்?"னு கேளுங்க. உங்க விஷயத்துல 30, 31, 1 இந்த மூணு நாள்தான்னு பந்தயம் கட்டுவேன். அந்த மூணு நாள் மட்டும் வீட்ல இருந்து பாக்குறேன்னு சொல்லலாம், ஏன்னா அப்ப ஆபரேஷன் முடிஞ்சு 19, 20 நாள் ஆயிருக்கும், அம்மா ஓரளவு நடமாடுவாங்க, கூடவே லாஸ் ஆஃப் பேலயும் மூணு நாள் குறையும். கடைசி வாரம் முழுக்க வீட்ல இருந்து வேலைன்னு கேட்டாலும் சமாளிக்கலாம். ஆனா முதல் ரெண்டு வாரத்துல வீட்ல இருந்து வேலை பாக்குறேன்னு மட்டும் ஒத்துக்காதீங்க, ராத்திரி தூக்கம் இருக்காது, பகல்ல மீட்டிங்ல உக்காந்திருக்கும்போது அவங்க பாத்ரூமுக்குத் தனியா எந்திரிப்பாங்க, விழுறது அந்த மாதிரி நேரத்துலதான். இந்த விட்டுக்கொடுப்ப முதல் லெட்டர்லயே எழுதிடாதீங்க, அவரு கேட்டா எடுத்துக் குடுக்க கையில வச்சிருங்க.

கடைசியா, "சரிப்பா, அம்மாவ நல்லா பாத்துக்கோ"ன்னு வாயால சொன்னதையோ வாட்ஸ்அப்ல கும்பிடு போட்டதையோ அனுமதின்னு நினைச்சுடாதீங்க. ரொம்ப நல்ல மனுஷங்களே அப்படி சொல்லிட்டு சிஸ்டத்துல அப்ரூவ் பண்ண மறந்துடுவாங்க, மாசக் கடைசில சம்பள டீமுக்கு நீங்க சொல்லாம வராத ஆளாத்தான் தெரிவீங்க. சிஸ்டத்துல அப்ளை பண்ணிட்டு மார்ச் 6 வெள்ளிக்கிழமைக்குள்ள அப்ரூவ்டுன்னு வந்திருக்கான்னு பாருங்க, வரலன்னா அன்னைக்கே அவரு சீட்டுக்குப் போய் நின்னு ஒரு கிளிக் வாங்கிட்டு வந்துடுங்க.